செக்யூரிட்டி நோட்டிலிருந்து சைட் ரிஜிஸ்டருக்கு: "14ந் தேதி ராத்திரி 1 மணி" என்பது எந்தத் தேதி?

கேள்வி: "கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். நைட் செக்யூரிட்டி அண்ணன் தன்னுடைய நோட்டில் மனசுக்கு வந்தபடி எழுதி வைக்கிறார், சில நாள் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மட்டும் போடுகிறார். அதையெல்லாம் தேதி போட்டு, தெளிவாக சைட் ரிஜிஸ்டரில் ஏற்றச் சொல்லி மேனேஜர் என்னிடம் கொடுத்துவிட்டார். எவ்வளவு தூரம் நான் மாற்றி எழுதலாம்? ஒரு மாதிரி காட்ட முடியுமா?"

பதில்:

ஓசூர், பர்கூர், கிருஷ்ணகிரி சுற்றுவட்டார சைட்டுகளில் ஃபீல்டு ஆபீசராகப் பல வருஷம் இந்த ரிஜிஸ்டர்களைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். வாக்கியத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்குங்கள், வரிசையைச் சரி செய்யுங்கள். ஆனால் அவர் பார்த்தது, கேட்டது, நினைத்தது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நேரத்தையும் எண்ணிக்கையையும் நீங்களாக நிரப்பாதீர்கள். இது சொல்லச் சுலபம்தான். செய்ய உட்காரும்போதுதான் அவர் எழுதியதில் பாதி விஷயம் நோட்டில் இல்லை, அவர் தலைக்குள்தான் இருக்கிறது என்று தெரியும். அதனால் இந்த வேலையில் எழுதுவதைவிட அவரைக் கேட்பதுதான் அதிகம், அதுவும் அவர் டியூட்டி முடித்து வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் கேட்க வேண்டும். மத்தியானம் தூங்கி எழுந்தவரிடம் கேட்டால் "ஆமா சார், அப்படித்தான் இருக்கும்" என்று நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்.

மாதிரி கேட்டீர்கள். உங்கள் இடத்தில் நடக்கக்கூடிய மாதிரி ஒரு ராத்திரியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். நோட்டில் இப்படி இருக்கிறது:

"14ந் தேதி நைட். 8 மணிக்கு சார்ஜ் எடுத்தேன். எல்லாம் ஓகே. பதினொன்றரைக்கு கரண்ட் போச்சு அரைமணி கழிச்சி வந்துச்சு. ராத்திரி 1 மணி இருக்கும் பின்கேட்டு பக்கம் நாய் கத்துச்சு. போய் பாத்தா ரெண்டு பேர் செவுரு ஏறி ஓடிட்டானுங்க டிரம்மு திருட வந்தவனுங்க. ஒரு டிரம்மு உருண்டு கெடந்துச்சு. சார்கிட்ட சொல்லியாச்சு. பின்கேட்டு பூட்டு சரியில்ல. 3 மணிக்கி காய் லோடு வந்துச்சு. ரவுண்ட்ஸ் போனேன். காலைல சார்ஜ் குடுத்தாச்சு."

மோசமான நோட்டு இல்லை இது. பல சைட்டில் "டியூட்டி ஓகே" என்ற இரண்டே வார்த்தையில் பன்னிரண்டு மணி நேரத்தை முடித்திருப்பார்கள். இவர் பார்த்ததை எழுதியிருக்கிறார்.

முதல் சிக்கல் தேதி. நம் பக்கத்தில் விடிந்தால்தான் நாள் மாறும், பஞ்சாங்கமும் சூரியோதயத்திலிருந்துதான் நாளைக் கணக்கிடுகிறது, அதனால் "14ந் தேதி ராத்திரி 1 மணி" என்று யார் சொன்னாலும் அது 14 முடிந்து 15 பிறந்த பிறகு வரும் 1 மணி என்று நாம் புரிந்துகொள்வோம். கேமராவுக்கும் போனுக்கும் அது தெரியாது. ரிஜிஸ்டரில் "14.06.2025 இரவு 1 மணி" என்று ஏறிவிட்டால், பிறகு பார்க்கிறவர் 14ஆம் தேதி 01:00 மணிப் பதிவைத் தேடி ஓட்டுவார், அதாவது ஒரு நாள் முந்தைய ராத்திரியை. அங்கே நாயும் இருக்காது, ஆளும் இருக்காது, "செக்யூரிட்டி கதை விடுறான்" என்று முடித்துவிடுவார்கள். இதற்கு வழி இருக்கிறது. ஷிப்டின் தலைப்பில் இரண்டு தேதியையும் எழுதுங்கள். நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுங்கள். நள்ளிரவைத் தாண்டும் இடத்தில் புது வரியில் புதுத் தேதியைப் போட்டு அடிக்கோடு இழுத்துவிடுங்கள். 12 மணிக்கு மட்டும் இன்னும் கவனம். "இரவு 12" என்று எழுதாமல் 00:00 என்று எழுதி அதற்குப் புதுத் தேதியைக் கொடுங்கள்.

இரண்டாவது, நேரம் எங்கிருந்து வந்தது என்பது. "1 மணி இருக்கும்" என்று அவர் எழுதியதை நீங்கள் "01:00" என்று எழுதினால் ஒரு ஊகத்தைத் துல்லியமாக மாற்றிவிட்டீர்கள் என்று பொருள். "சுமார்" என்ற சொல்லை எடுக்காதீர்கள். ஆனால் அதே இரவில் உறுதியான நேரம் ஒன்றிரண்டு எங்கேயாவது ஒளிந்திருக்கும், அதைத் தேடுங்கள். "சார்கிட்ட சொல்லியாச்சு" என்றால் போனில்தானே சொன்னார், அவர் போனை வாங்கிப் பார்த்தால் 01:14க்கு உதவி மேனேஜருக்குப் போன கால் இருக்கும். லாரி வந்த நேரம் வாகன ரிஜிஸ்டரில் இருக்கும். இந்த இரண்டு ஆணியை அடித்துவிட்டால் மற்றவற்றை அதற்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளலாம். கேமரா நேரத்தை மட்டும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். ரெக்கார்டரின் கடிகாரம் பல இடங்களில் சில நிமிஷம் தள்ளியே ஓடும், யாரும் சரி செய்திருக்க மாட்டார்கள். உங்கள் போனையும் மானிட்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "கேமரா 7 நிமிடம் முந்தி ஓடுகிறது" என்று ரிஜிஸ்டரில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். பதிவு இருந்தால் அன்றைக்கே ஒரு காப்பி எடுத்து வையுங்கள், டிஸ்க் நிரம்பினால் பழையதன் மேலேயே புதியது ஏறிவிடும்.

வாட்ஸ்அப் வாய்ஸுக்கும் இதே கதைதான். திரையில் தெரிவது அவர் அனுப்பிய நேரம், சம்பவம் நடந்த நேரம் இல்லை. வாய்ஸைக் கேட்டு எழுதும்போது "குரல் பதிவு 01:32க்கு வந்தது, அதில் அவர் சொன்ன நேரம் 1 மணி சுமார்" என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். அந்தச் சாட்டில் மெசேஜ் தானாக அழியும் செட்டிங் போட்டிருந்தால் உடனே நிறுத்துங்கள்.

அடுத்தது "டிரம்மு திருட வந்தவனுங்க". அவர் பார்த்தது என்ன? இரண்டு பேர் சுவர் ஏறியது. திருட வந்தவர்கள் என்பது அவர் முடிவு, சரியாகவும் இருக்கலாம். ஆனால் விழுந்து கிடந்த டிரம் காலியா, நிரம்பியதா என்று கேட்டீர்களா? கூழ் நிரப்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல் இருக்கும், அதை இரண்டு பேர் சுவர் மேல் தூக்கிக்கொண்டு போக முடியாது. காலி டிரம் என்றால் விஷயம் வேறு. ஒரே ஒரு கேள்வியில் மொத்தப் பதிவின் அர்த்தமும் மாறுகிறது பாருங்கள். காற்றில் உருண்டதா, ஃபோர்க்லிஃப்ட்காரர் சாயங்காலமே தள்ளிவிட்டுப் போனதா என்பதும் நமக்குத் தெரியாது, அதனால் "அவர்கள் உருட்டிய டிரம்" என்று எழுதக் கூடாது. "டிரம் விழுந்து கிடந்தது. முந்தைய ரவுண்டில் நின்றிருந்ததா என்று கவனிக்கவில்லை" என்று எழுதினால் அதுதான் உண்மை. அவர் கருத்தை அழிக்க வேண்டியதில்லை. "திருட வந்தவர்கள் என்று காவலர் நினைக்கிறார்" என்று தனி வாக்கியமாகக் கடைசியில் சேர்க்கலாம்.

பூட்டும் அப்படித்தான். "பூட்டு சரியில்ல" என்பதை அந்த இடத்தில் படிக்கிற எவரும் வந்தவர்கள் உடைத்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். கேட்டால் அவர், "இல்ல சார், அது ஒரு வாரமாவே கொண்டி ஆடுது, பகல் ஆளுகிட்ட சொல்லிட்டேன்" என்பார். அப்போது எழுத வேண்டியது பூட்டு பூட்டியே இருந்தது, கொண்டி தளர்ந்திருக்கிறது, முன்பே வாயால் சொன்னதாகச் சொல்கிறார், ரிஜிஸ்டரில் அதற்குப் பதிவு இல்லை, இந்த நான்கும். இங்கேதான் ஒரு சபலம் வரும். போன வாரத்துப் பக்கத்தில் கடைசியில் கொஞ்சம் இடம் இருக்கிறது, அங்கே "பின்கேட் கொண்டி பழுது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று தோன்றும், மேனேஜரே சொல்லவும் செய்வார். செய்யாதீர்கள். மை மாறும், எழுத்தின் நெருக்கம் மாறும், கண்டுபிடிக்க நிபுணர் வேண்டியதில்லை, ஒரு வரி அப்படி என்று தெரிந்தால் மிச்சப் பக்கமெல்லாம் சந்தேகத்துக்குள் போய்விடும்.

இன்னொரு இடத்தையும் கவனித்தீர்களா தெரியவில்லை. நைட்டில் ஒரே ஆள். 1 மணிக்குப் பின்கேட்டில் ஆள் ஏறியிருக்கிறார்கள், 3 மணிக்கு முன்கேட்டில் லாரி வந்திருக்கிறது. கேட்டைத் திறந்தது யார்? இவரேதான். அப்படியென்றால் லாரியை உள்ளே விட்டு, எடை மேடையில் ஏற்றி, சீட்டு வாங்கும் வரை பின்கேட்டில் யாரும் இல்லை. சீசனில் கிளிமூக்குக் காய் லோடு ராத்திரியெல்லாம் வந்து நிற்கும் என்பதால் இது உங்கள் ஃபேக்டரியில் தினமும் நடப்பதுதான். இந்த இடைவெளியை எழுதினால் நிர்வாகத்துக்குப் பிடிக்காது, காவலருக்கும் பயம் வரும். ஆனால் காலையில் ஸ்டாக் எண்ணும்போது ஏதாவது குறைந்தால், ஒரு மணிக்குப் போனதா மூன்றரைக்குப் போனதா என்று கேட்க அந்த வரி ஒன்றுதான் இருக்கும். அவரையும் அதுதான் காப்பாற்றும், ஒரே ஆள் இரண்டு கேட்டையும் பார்க்க வேண்டியிருந்தது என்று அதில் இருக்கிறதே.

இப்படியெல்லாம் கேட்டு முடித்த பிறகு ரிஜிஸ்டரில் ஏறுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

இரவுப் பணி: 14.06.2025 20:00 முதல் 15.06.2025 08:00 வரை. காவலர் பெயர், அடையாள எண். காவலர் சொல்ல, அவருடைய நோட்டைப் பார்த்து, ஸ்டோர்ஸ் பணியாளர் 15.06.2025 காலை 08:20க்கு எழுதியது.

14.06.2025

20:00. பகல் காவலரிடம் பொறுப்பு ஏற்றேன். சாவி 11, எண்ணி வாங்கினேன். டார்ச் 1, எரிகிறது. டிரம்களை எண்ணி வாங்கவில்லை.

23:30 சுமார். மின்சாரம் நின்றது. பின்பக்க விளக்குகள் அணைந்தன. அரை மணி நேரம் போல் கழித்து வந்தது. அந்த நேரத்தில் கேமரா ஓடியதா என்று பார்க்கவில்லை.

15.06.2025

01:00 சுமார், 01:14 போனுக்கு முன். பின்கேட் பக்கம் நாய் குரைத்தது. டார்ச்சுடன் போனேன். எடை மேடை மூலையில் நின்று பார்த்தபோது இரண்டு பேர் பின்சுவரில் ஏறி வெளிப்பக்கம் குதித்தார்கள். முகம் தெரியவில்லை. ஒருவர் வெள்ளைச் சட்டை. கையில் பொருள் எதையும் நான் பார்க்கவில்லை. திருட வந்தவர்கள் என்று நினைக்கிறேன்.

01:14 (போன் பதிவில் உள்ள நேரம்). உதவி மேனேஜருக்குப் போன் செய்து சொன்னேன். "பின்கேட்டிலேயே இரு, காலையில் பார்க்கலாம்" என்றார்.

01:20 சுமார். பின்சுவர் ஓரம் காலி டிரம் ஒன்று விழுந்து கிடந்தது. தொடவில்லை. முன்பு நின்றிருந்ததா என்று கவனிக்கவில்லை. பின்கேட் பூட்டியே இருந்தது. கொண்டி தளர்ந்து ஆடுகிறது. ஒரு வாரமாக இப்படி இருப்பதைப் பகல் காவலரிடம் வாயால் சொல்லியிருந்தேன். ரிஜிஸ்டரில் அதற்குப் பதிவு இல்லை.

03:05 (வாகன ரிஜிஸ்டரில் உள்ள நேரம்). மாங்காய் லோடு லாரி வந்தது. வண்டி எண் வாகன ரிஜிஸ்டரில். இதற்காகப் பின்கேட்டை விட்டு முன்கேட்டுக்கு வந்தேன். அரை மணி நேரம் போல் பின்கேட்டில் ஆள் இல்லை.

ரவுண்ட்ஸ் இரண்டு முறை போனேன். நேரம் குறிக்கவில்லை.

08:00. பகல் காவலரிடம் பொறுப்பு ஒப்படைத்தேன். சாவி 11. டிரம், கொண்டி விஷயம் இரண்டையும் சொன்னேன்.

"எல்லாம் ஓகே" எங்கே போனது என்று பாருங்கள். அதை அப்படியே "அனைத்தும் சரிபார்க்கப்பட்டு நல்ல நிலையில் இருந்தன" என்று மாற்றி எழுதுவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய பொய், எழுதுகிறவருக்கே அது பொய் என்று தெரியாது, மொழியை மேம்படுத்தியதாகத்தான் நினைப்பார். அவர் எண்ணியது சாவியும் பார்த்தது டார்ச்சும்தான். அதை மட்டும் எழுதி, எண்ணாததை எண்ணவில்லை என்றே எழுதுங்கள். ரவுண்ட்ஸும் அப்படியே. "இரண்டு மணிக்கு ஒரு தடவை ரவுண்ட்ஸ் போகணும்" என்று ஏஜென்சி ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பதற்காக 22:00, 00:00, 02:00, 04:00 என்று அழகாக நிரப்பினால், 00:00க்கு கரண்ட் வந்தும் வராமலும் இருந்த நேரத்தில் இவர் எங்கே இருந்தார் என்று கேட்கிறவருக்கு அவரால் பதில் சொல்ல முடியாது.

"காணப்பட்டது", "தெரியவருகிறது", "அனுப்பி வைக்கப்பட்டது" என்ற ஆபீஸ் தமிழையும் தவிர்த்துவிடுங்கள். கம்பீரமாக இருக்கும், ஆனால் யார் பார்த்தது என்பது அதில் காணாமல் போய்விடும். "பார்த்தேன்", "சொன்னார்" போதும்.

கையெழுத்து விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சட்டம் பேச வேண்டும். சாட்சி சொல்ல வருகிறவர் தன் நினைவைப் புதுப்பித்துக்கொள்ள, சம்பவத்தின்போதோ உடனேயோ தானே எழுதியதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 159ஆம் பிரிவு சொன்னது. இன்னொருவர் எழுதியதாக இருந்தாலும், நினைவு பசுமையாக இருக்கும்போதே சாட்சி அதைப் படித்து, சரி என்று அப்போது அறிந்திருந்தால், அதையும் பார்க்கலாம். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்திலும் இந்த விதி தொடர்கிறது. உங்கள் நிலைமைக்கு நேராகப் பொருந்துவது இதுதான், எழுதியது நீங்கள், பார்த்தது அவர். அதனால் எழுதிய கையோடு அவருக்குப் படித்துக் காட்டி, அவர் திருத்தச் சொன்னதைத் திருத்தி, "படித்துக் கேட்டேன், சரி" என்று அவர் கையால் எழுதிக் கையெழுத்தும் நேரமும் போட வேண்டும், கீழே எழுதியவர் என்று நீங்களும் போட வேண்டும். ஓசூர் பக்கத்தில் ஒடிசா, பீகார், அசாம் ஆட்கள் நிறைய, நம் கிருஷ்ணகிரி ஆட்களிலேயே வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் உண்டு. தமிழ் படிக்கத் தெரியாதவர் என்றால் எந்த மொழியில் சொல்லிக் காட்டினீர்கள், யார் சொன்னார்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். ஹெட் ஆபீஸ் ஆங்கிலத்தில் கேட்டால் தனியாக மெயிலில் அனுப்புங்கள், அவருக்குப் புரியாத மொழிப் பக்கத்தில் அவரிடம் கையெழுத்து வாங்குவதில் பயனில்லை.

அவருடைய பழைய நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அசல் அதுதான், நீங்கள் எழுதியது அதிலிருந்து பிறந்தது. அதில் உங்கள் பேனா படவே கூடாது. போட்டோ எடுத்துக்கொண்டு, நோட்டு முடிந்ததும் தேதி எழுதி ஸ்டோர்ஸிலேயே கட்டி வையுங்கள். ரிஜிஸ்டரில் நீங்கள் தப்பாக எழுதிவிட்டால், அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போடுங்கள். வொயிட்னர் வேண்டாம். பக்கங்களுக்கு எண் இருக்கட்டும், ஷிப்ட் முடிந்த இடத்தில் மீதமிருக்கும் காலி இடத்தில் குறுக்குக் கோடு போட்டுவிடுங்கள்.

இதில் எது சட்டம், எது வழக்கம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் சட்டம் பதிவேடு பற்றிப் பேசுகிறது, ஆனால் அது ஏஜென்சி வைத்திருக்க வேண்டிய ஆட்கள், வாடிக்கையாளர்கள் விவரம் பற்றியது. உங்கள் கேட்டில் இருக்கும் ரிஜிஸ்டரில் இந்தக் கட்டம், அந்தக் கட்டம் என்று நான் மேலே சொன்னதெல்லாம் தொழில் வழக்கம்தான். ஏஜென்சிக்கு ஏஜென்சி மாறும், உங்கள் சைட்டில் ஏற்கெனவே ஒரு முறை இருந்தால் அதிலேயே இதைப் பொருத்திக்கொள்ளுங்கள். அப்புறம், போலீஸ் புகாரோ, அந்தக் காவலர் மேல் விசாரணையோ வரை போய்விட்ட சம்பவம் என்றால், அதற்கு மேல் ரிஜிஸ்டரில் ஒரு வரி சேர்ப்பதற்கு முன் கம்பெனி வக்கீலைக் கேளுங்கள். நான் வக்கீல் இல்லை.

கேள்வியில் நீங்கள் சொல்லாத ஒன்று, ஆனால் கட்டாயம் இருக்கும், ஏற்கெனவே தேங்கிப்போன பழைய நோட்டுகள். அவற்றையெல்லாம் அந்தந்தத் தேதியில் எழுதியது போல் இப்போது உட்கார்ந்து நிரப்ப வேண்டாம். இன்றைய தேதியில், "தாமதப் பதிவு" என்று தலைப்பிட்டு, சம்பவம் என்று சொல்லத்தக்கவற்றை மட்டும் எழுதுங்கள்: நோட்டில் எந்தத் தேதி, எத்தனையாவது பக்கம், அதில் இருக்கும் வரி அப்படியே மேற்கோளில், இன்று கேட்டபோது அவர் கூடுதலாகச் சொன்னது தனியாக. நினைவில்லை என்று சொன்னால் நினைவில்லை என்றே எழுதுங்கள். கரண்ட் போனது, லாரி வந்தது எல்லாம் நோட்டிலேயே கிடக்கட்டும், நோட்டுதான் பத்திரமாக இருக்கிறதே. இன்று ராத்திரியிலிருந்து அவருக்கு ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுங்கள்: ஏதாவது நடந்தால் முதலில் போனைப் பார்த்து மணியை எழுது, மற்றதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.